ஜூன் 30-ல் அக்ரிமென்ட் முடிந்தது, ஆடி முடிந்து போகிறோம் என்கிறார்கள். கடிதத்தில் என்ன எழுதுவது?

மாடிவீடு_உறையூர்
திருச்சி உறையூரில் அம்மா பெயரில் வீடு. மாடி போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறோம். 11 மாத அக்ரிமென்ட், 1.8.2025 முதல் 30.6.2026 வரை. வாடகை 14,000, அட்வான்ஸ் 42,000. tenancy.tn.gov.in-ல் பதிவு செய்து எண் வாங்கியிருக்கிறது. கணவன், மனைவி இரண்டு பேருமே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். "இரு தரப்பும் ஒரு மாத நோட்டீஸ்" என்றும், "கெடு தாண்டிக் குடியிருந்தால் இரட்டை வாடகை" என்றும் ஷரத்துகள் உண்டு.

புதுப்பிக்கப் போவதில்லை என்று மே மாதமே வாயால் சொல்லியாயிற்று, தங்கை குடும்பம் அங்கே வர வேண்டும். ஜூன் கடைசியில் "ஆடி வருது, ஆடியில வீடு மாற மாட்டோம், ஆவணியில பார்க்கலாம்" என்றார்கள். ஜூலை வாடகையை 3-ஆம் தேதி ஜிபேயில் போட்டுவிட்டார்கள். நல்ல மனிதர்கள், ஒரு நாளும் வாடகை தவறவில்லை. சண்டை வேண்டாம், ஆனால் இழுத்துக்கொண்டே போகவும் கூடாது. நான் பெங்களூருவில் இருக்கிறேன். கடிதத்தை நான் எழுதலாமா? என்னென்ன இருக்க வேண்டும்? அதற்குப் பிறகு வரிசையாக என்ன செய்ய வேண்டும்?

பல்லடம்_பாலு
11 மாசம் முடிஞ்சாச்சுன்னா அவங்க குடித்தனக்காரங்களே இல்லைங்க, அத்துமீறி இருக்கிறவங்க. முதல் வேலையா அந்த 14,000-ஐத் திருப்பி அனுப்புங்க. வாடகை வாங்கினா அக்ரிமென்ட் தானா புதுசாயிடும். தண்ணி மோட்டார் சுவிட்ச் கீழ்தானே இருக்கும்? ரெண்டு நாள் போடாம விடுங்க, தானா கிளம்புவாங்க. ஸ்டேஷன்லயும் ஒரு புகார் கொடுத்து வைங்க.

வக்கீல்குமாஸ்தா
பாலு சார், வாடகை விஷயத்தில் பாதி சரி. மீதியைச் செய்தால் வழக்கு உறையூர்க்காரர் மேல் திரும்பும்.

தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதைத் தமிழ்நாடு வாடகைச் சட்டமே தடை செய்கிறது. குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் ஒரு மனு போட்டால் இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வரும். பூட்டை மாற்றிச் சாமானை வெளியே வைத்தால் அதைவிட மோசம். குறித்தவகை நிவாரணச் சட்டம் 1963, பிரிவு 6-ன்படி, சட்ட வழியில்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுச் சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் "வீடு என்னுடையது" என்ற பதில் எடுபடாது. அன்று யார் கையில் இருந்தது, எப்படிப் பறிபோனது, இந்த இரண்டை மட்டும்தான் பார்ப்பார்கள். போலீஸ் இதை சிவில் விஷயம் என்று சொல்லி அனுப்பிவிடும். அது சரியும்தான்.

"அத்துமீறி இருப்பவர்" என்பதும் இங்கே நிற்காது. 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் பிரிவு 5(3)-ஐப் படியுங்கள். காலம் குறித்த வாடகை முடிந்து, புதுப்பிக்கவும் இல்லை, காலி செய்யவும் இல்லை என்றால், அதே ஷரத்துகளோடு மாதா மாதம் நீடித்ததாகக் கருதப்படும். அதிகபட்சம் ஆறு மாதம். உங்கள் கணக்கில் அது டிசம்பர் 31 வரை வருகிறது. அதனால் ஜூலை 14,000-ஐத் திருப்பி அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. வாங்கியதை எந்தக் கணக்கில் வாங்கினோம் என்று எழுதி வைப்பதுதான் முக்கியம்.

மாடிவீடு_உறையூர்
அப்படியென்றால் டிசம்பர் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா?

வக்கீல்குமாஸ்தா
இல்லை சார். மாதா மாத வாடகை என்றால் நோட்டீஸ் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் தன்மை. சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 106 குடியிருப்புக்கு 15 நாள் கேட்கிறது. உங்கள் அக்ரிமென்ட் ஒரு மாதம் என்கிறது. பழைய ஷரத்துகளே தொடர்வதால் "எங்களுக்கு ஒரு மாதம் உண்டு" என்று அவர்கள் சொல்ல இடம் இருக்கிறது. ஆகவே இரண்டையும் தாண்டிய ஒரு தேதியைப் பிடியுங்கள்.

என் யோசனை ஆகஸ்ட் 31. கடிதம் ஜூலை 10-க்குள் கையில் கிடைத்தால் 15 நாளும் ஆயிற்று, ஒரு மாதமும் ஆயிற்று. மாதக் கடைசி நாள் என்பதால் வாடகையைத் துண்டாகக் கணக்குப் பார்க்க வேண்டாம். ஆடி ஆகஸ்ட் நடுவில் முடிகிறது, ஆவணியில் இரண்டு வாரம் கையில் இருக்கும். அவர்கள் சொன்ன ஒரே காரணமும் அதோடு தீர்ந்துவிடும். கேட்ட அவகாசத்தை நீங்களாகவே எழுத்தில் கொடுத்துவிட்டால், செப்டம்பரில் புதுக் காரணம் சொல்வது அவர்களுக்குத்தான் சங்கடம். பின்னால் நீதிமன்றம் போனாலும் முதலில் கண்ணில் படுவது இந்தக் கடிதம்தான்.

தேதி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். "ஆகஸ்ட் 15, முடியாவிட்டால் 31" என்று எழுதினால் 31-ம் முடிவான தேதி இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

சட்டப்படி_மதுரை
குமாஸ்தா சார் சொல்வதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. 5(3) தருவது சட்டமே கொடுக்கும் நீட்டிப்பு. வீட்டுக்காரர் ஒரு நோட்டீஸால் அதை ஆகஸ்டிலேயே வெட்டிவிட முடியும் என்றால் "ஆறு மாதம்" என்று எழுதியதற்குப் பொருள் என்ன? செப்டம்பரில் மனுப் போட்டால் எதிர்த்தரப்பு முதல் வரியிலேயே "காலத்துக்கு முந்திய மனு" என்பார்.

வக்கீல்குமாஸ்தா
"அதிகபட்சம்" என்ற சொல் அங்கே இருக்கிறதே சார். ஆறு மாதம் என்பது மேல் வரம்பு. கட்டாயம் ஆறு மாதம் கொடுத்தே தீர வேண்டும் என்று இல்லை. ஆனால் உங்கள் வாதத்தை நீதிபதி ஏற்கவே மாட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அதனால்தான் கடிதமும் பேச்சும் இப்போதே முடியட்டும் என்கிறேன். செப்டம்பரில் மனுப் போடுவதா, ஜனவரி வரை பொறுப்பதா என்பதை அப்போது உள்ளூர் வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்யலாம். இரண்டுக்குமே இதே கடிதம்தான் அடிப்படை.

கோவை_ராஜன்
எனக்கும் இதே பிரச்சினைதான் சார். லீசுக்குத்தான் இருக்கேன், 8 லட்சம் கொடுத்து மூணு வருஷம். வாடகை கிடையாது. போன மாசம் மூணு வருஷம் முடிஞ்சது. ஓனர் காலி பண்ணுங்க, பணம் ரெண்டு மாசத்துல தர்றேன்கிறார். இந்தக் கடிதம் எனக்கும் வந்தா நான் போயே ஆகணுமா?

வக்கீல்குமாஸ்தா
உங்களுடையது வேறு விவகாரம் ராஜன் சார். மாத வாடகை இல்லாமல் மொத்தப் பணம் கொடுத்து இருப்பது ஒத்தி, போக்கியம் வகை. பத்திரம் எப்படி எழுதப்பட்டது, பதிவாகியிருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் எதையும் சொல்ல முடியும். பொதுவாக அதில் சாவியும் பணமும் ஒரே நேரத்தில் கை மாற வேண்டும். பணம் வருவதற்கு முன் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். தனி இழை போடுங்கள், பத்திரத்தில் இருக்கும் ஷரத்துகளை அப்படியே எழுதுங்கள். இங்கே கலந்தால் இரண்டு பேருக்கும் குழப்பம்.

செல்வி_கணக்கர்
உறையூர் சார், வாடகை ரசீது பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. ஜிபேயில் பணம் தானாக வந்து விழும், மறுக்க வழியில்லை. வந்த அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள்: "3.7.2026 அன்று வந்த ரூ.14,000 ஜூலை மாதக் குடியிருப்புக்கான தொகையாகப் பெறப்பட்டது. இதனால் புதிய ஒப்பந்தமோ காலநீட்டிப்போ ஏற்படாது. காலி செய்யும் தேதி 31.8.2026." ஆகஸ்ட் பணத்துக்கும் இதையே அனுப்புங்கள். ஒவ்வொரு மாதமும் வார்த்தையை மாற்றாதீர்கள்.

வாடகையை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். "இருக்கிறதுன்னா இனிமே 16,000 கொடுங்க" என்று ஒரு மெசேஜ் போய், அவர்கள் 16,000 போட்டுவிட்டால், புது விலைக்குப் புது ஒப்பந்தம் பேசிய மாதிரிதான் ஆகும். உங்கள் கடிதத்தை நீங்களே அழித்ததாகிவிடும்.

வக்கீல்குமாஸ்தா
செல்வி மேடம் சொன்னது முக்கியம். சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 116 சொல்வதும் இதுதான். கெடு முடிந்த பிறகு வீட்டுக்காரர் வாடகை வாங்கினாலோ வேறு வகையில் சம்மதித்தாலோ மாத வாடகை தொடரும். நோட்டீசுக்குப் பிறகு வாடகை வாங்கியதாலேயே நோட்டீஸ் செத்துவிடாது என்று உச்சநீதிமன்றம் 2006-ல் சரூப் சிங் குப்தா வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் எண்ணம் என்ன என்பதை நாம் எழுத்தில் காட்ட வேண்டும். அந்த ஒரு வரி வாட்ஸ்அப் அதைக் காட்டிவிடும்.

யார் எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். அக்ரிமென்ட்டில் வீட்டு உரிமையாளராக யார் பெயர் இருக்கிறதோ அவர்தான், அதாவது அம்மா. நீங்கள் தட்டச்சு செய்யலாம், கையெழுத்து அம்மாவுடையதாக இருக்கட்டும். மகன் பெயரில் போனால், பதிவு செய்த பொது அதிகாரப் பத்திரம் இருந்தாலொழிய, "இவர் யார் நோட்டீஸ் கொடுக்க?" என்ற கேள்வி வரும். அதேபோல் கணவன் பெயருக்கு மட்டும் அனுப்பாதீர்கள். இருவரும் கையெழுத்துப் போட்டிருப்பதால் இருவர் பெயருக்கும் தனித்தனி உறையில் போகட்டும்.

வரைவு கீழே. பெயர்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

நாள்: 6.7.2026
அனுப்புநர்: (உரிமையாளர் பெயர், முகவரி)
பெறுநர்: திரு. ——, திருமதி ——, (வாடகை வீட்டின் முழு முகவரி, மாடி)

பொருள்: 30.6.2026-ல் முடிந்த வாடகை ஒப்பந்தம் – 31.8.2026 அன்று வீட்டை ஒப்படைக்கக் கோருதல்.

வணக்கம்.

மேற்கண்ட வீட்டின் மாடிப் பகுதியை 1.8.2025 முதல் 30.6.2026 வரை 11 மாத காலத்துக்கு, மாத வாடகை ரூ.14,000-க்கு, ரூ.42,000 முன்பணம் பெற்றுக்கொண்டு தங்களுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தேன். ஒப்பந்தத்தின் வாடகைப் பதிவு எண்: ——. ஒப்பந்த காலம் 30.6.2026 அன்று முடிந்துவிட்டது. அதைப் புதுப்பிக்க எனக்கு விருப்பம் இல்லை என்பதை மே மாதத்தில் நேரில் தெரிவித்தேன். என் மகள் குடும்பம் குடியேறுவதற்காக அந்தப் பகுதி எங்களுக்குத் தேவைப்படுகிறது.

ஆடி மாதத்தில் வீடு மாற இயலாது என்று தாங்கள் சொன்னதைக் கருத்தில் கொண்டு, 31.8.2026 மாலை 5 மணி வரை தாங்கள் அங்கே குடியிருப்பதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. இதற்கு மேல் அவகாசம் தர இயலாத நிலையில் இருக்கிறேன். ஒப்பந்த காலத்துக்குப் பின் நீடித்துவரும் மாதாந்தர வாடகையை 31.8.2026-உடன் முடித்துக்கொள்வதற்கான அறிவிப்பாகவும் இக்கடிதத்தைக் கொள்ள வேண்டுகிறேன்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்குப் பழைய தொகையான ரூ.14,000 வீதம் செலுத்தினால் போதும். அதைப் பெற்றுக்கொள்வதால் புதிய ஒப்பந்தமோ காலநீட்டிப்போ ஏற்படாது. வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ள வேண்டாம்.

ஒப்படைக்கும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட்டு, மின் மீட்டர் அளவைக் குறித்து, பாக்கியும் சேதமும் இருந்தால் அவற்றை மட்டும் கழித்து, மீதி முன்பணத்தைச் சாவி பெற்றுக்கொள்ளும்போதே தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்துகிறேன். கழிக்கும் ஒவ்வொரு தொகைக்கும் எழுத்தில் கணக்குத் தருவேன்.

31.8.2026-க்குப் பிறகும் ஒப்படைக்காவிட்டால், ஒப்பந்தத்தில் கண்டபடி இரட்டை வாடகையைக் கோரவும், வாடகை நீதிமன்றத்தில் சுவாதீனம் கேட்டு மனுச் செய்யவும் எனக்கு உரிமை உண்டு. அந்த நிலை வராது என்று நம்புகிறேன்.

இக்கடிதத்தைப் பெற்றதையும், 31.8.2026-ல் ஒப்படைக்கச் சம்மதம் என்பதையும் நகலில் கையெழுத்திட்டு 15.7.2026-க்குள் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து)

வாடகைவாசி_சென்னை
வாடகைக்கு இருக்கிறவன் கண்ணோட்டத்தில் சொல்றேன். இந்தக் கடிதத்தில் வேலை செய்வது அட்வான்ஸ் பத்திதான். நிறைய பேர் காலி பண்ணாமல் இழுப்பதற்கே காரணம், அட்வான்ஸ் வருமா வராதா என்ற பயம். புது வீட்டுக்கும் மூணு மாச அட்வான்ஸ் கட்டணும், பழசு கைக்கு வர நாளாகும், நடுவில் மாட்டிக்கொள்வார்கள். முடிந்தால் பாதியை ஆகஸ்ட் 15 வாக்கில், அவர்கள் புது வீடு பேசிய ரசீதைக் காட்டியதும் கொடுத்துவிடலாம்.

செல்வி_கணக்கர்
பாதி கொடுப்பது நல்ல யோசனைதான், ஆனால் சம்மதக் கையெழுத்து வந்த பிறகு மட்டும். 21,000 கொடுக்கும்போது "முன்பணம் 42,000-ல் 21,000 திரும்பப் பெற்றேன், 31.8.2026-ல் ஒப்படைக்கிறேன்" என்று கணவன், மனைவி இருவரிடமும் எழுதி வாங்குங்கள்.

எதிர்ப்பக்கமாக ஒன்று நடக்கும், கவனமாக இருங்கள். "கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் கழித்தால் 42,000-ல் மிஞ்சுவது 14,000. செப்டம்பரிலும் இருந்துவிட்டால் அதுவும் தீர்ந்தது. அதற்குப் பிறகு உடைந்த கதவுக்கும் மின்கட்டண பாக்கிக்கும் உங்கள் கையில் எதுவும் இருக்காது. கடிதத்தில் அந்த வரி இருப்பது சரி.

பல்லடம்_பாலு
இரட்டை வாடகைன்னு போட்டிருக்கீங்க. புதுச் சட்டத்துல ரெண்டு மாசத்துக்கு ரெண்டு மடங்கு, அதுக்கு மேல நாலு மடங்குன்னு இருக்கே. அதையே போட்டா பயம் வரும்ல?

வக்கீல்குமாஸ்தா
நீங்கள் சொல்வது 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம். மாநிலங்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தது. தமிழ்நாட்டில் நடப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். இங்கே நடைமுறையில் இல்லாத சட்டத்தைக் கடிதத்தில் காட்டிப் பயமுறுத்தினால், அவர்கள் வக்கீலிடம் காட்டும் முதல் நாளே கடிதத்தின் மதிப்புப் போய்விடும். அவர்களே கையெழுத்துப் போட்ட ஷரத்தைச் சுட்டுவதுதான் பலம்.

அந்த இரட்டை வாடகையும் முழுசாகக் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஒப்பந்தத்தில் குறித்த தண்டத்தொகையை நியாயமான இழப்பீட்டு அளவுக்கு நீதிமன்றம் குறைக்கலாம், ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74. அதை ஜூலையிலிருந்து கேட்கவும் கூடாது, 5(3) அந்த மாதங்களுக்குப் பழைய ஷரத்துதான் என்கிறது. ஆகஸ்ட் வரை இருக்கலாம் என்று நீங்களே வேறு எழுதிக் கொடுக்கிறீர்கள். செப்டம்பர் 1 முதல் கேளுங்கள்.

மாடிவீடு_உறையூர்
மிக்க நன்றி. எப்படி அனுப்புவது? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா? கையெழுத்துப் போட்டுத் தராவிட்டால்?

வக்கீல்குமாஸ்தா
வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், ஆனால் அது துணைக்குத்தான். மூலத்தைத் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். கவுன்டரில் பதிவு வசதியோடும் ஒப்புகை அட்டையோடும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு பெயருக்கு இரண்டு உறை. தபால் ரசீதில் இருக்கும் எண்ணைக் கடிதத்தின் உங்கள் நகலில் எழுதி வையுங்கள். இணையத்தில் "டெலிவரி ஆனது" என்று காட்டும் பக்கத்தை அன்றே அச்செடுத்துவிடுங்கள், சில மாதம் கழித்துத் தேடினால் அந்த விவரம் கிடைக்காமல் போகலாம்.

முகவரியை அக்ரிமென்ட்டில் இருக்கிறபடியே எழுதுங்கள். பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டும் உண்டென்றால் இரண்டையும் போடுங்கள். "மாடி" என்று எழுத மறந்து, கீழ்ப் போர்ஷனில் இருக்கும் உங்கள் அம்மாவே வாங்கிக் கையெழுத்துப் போட்டால் நோட்டீஸ் சார்வானதாக, அதாவது அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சொல்ல முடியாது. கீழும் மேலும் ஒரே கதவு எண் இருக்கும் வீடுகளில் நோட்டீஸ் தவறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

உறை "பெற மறுத்தார்" என்ற குறிப்போடு திரும்பினால் பிரிக்காதீர்கள், அப்படியே வையுங்கள். மறுத்தது சார்வானதற்குச் சமம். "கதவு பூட்டியிருந்தது" என்று வந்தால் கொஞ்சம் வாதம் வரும். அதற்குத்தான் பிரிவு 106-லேயே மாற்று வழி இருக்கிறது: குடும்பத்தில் ஒருவரிடம் நேரில் கொடுக்கலாம், அதுவும் முடியாவிட்டால் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டலாம். ஒட்டினால் தேதி தெரியும் விதத்தில் படம் எடுத்து, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைச் சாட்சியாக வையுங்கள்.

15 நாளையும் ஒரு மாதத்தையும் கடிதத் தேதியிலிருந்து எண்ணக் கூடாது. அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்து எண்ணுங்கள். ஜூலை 10-க்குள் போய்ச் சேர்ந்தால் உங்களுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

கையெழுத்துப் போடாவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. அது இருந்தால் நல்லது, அவ்வளவுதான். 15-ஆம் தேதி ஒரு முறை போனில் கேளுங்கள். "சரி, ஆகஸ்ட் 31-க்குப் போயிடுறோம்" என்றால், பேசி முடித்த கையோடு "இன்று பேசியபடி 31.8.2026-ல் ஒப்படைப்பதாகச் சொன்னீர்கள், நன்றி" என்று மெசேஜ் போடுங்கள். ஆகஸ்ட் 16 வாக்கில் இன்னொரு முறை கேளுங்கள்: வீடு பார்த்தாயிற்றா, எந்தத் தேதியில் சாமான் ஏற்றுகிறீர்கள் என்று. இந்த இரண்டு முறை போதும். தினம் போன் செய்தால் தொல்லை கொடுத்தீர்கள் என்று அவர்கள் பக்கம் ஒரு புகார் உருவாகும்.

சட்டப்படி_மதுரை
செப்டம்பர் 1-ல் இன்னும் அங்கேயே இருந்தால் என்ன என்பதையும் சொல்லிவிடலாம். அம்மா சார்பில் வக்கீல் நோட்டீஸ், பதிலுக்கு 15 நாள். அதில் முதல் கடிதத்தையும், சார்வான தேதியையும், வாட்ஸ்அப் ரசீதுகளையும் சுட்ட வேண்டும். அதன்பின் வாடகை நீதிமன்றத்தில் பிரிவு 21(2)-ன் கீழ் மனு. அங்கே கவனிக்க வேண்டியது, "காலம் முடிந்தது" என்று மட்டும் எழுதினால் போதாது. பிரிவில் பட்டியலிட்ட காரணங்களுக்குள் நம் விஷயம் பொருந்த வேண்டும். ஒப்பந்தம் ஏற்படுத்திக்கொள்ளவில்லை என்பது 21(2)(அ). பழையது முடிந்து புதியது இல்லை என்ற நிலையை அதில் வைத்து வாதிடுகிறார்கள். சொந்தக் குடியிருப்புத் தேவை என்பது தனிக் காரணம். தங்கை குடும்பம் வருவதைக் கடிதத்திலேயே எழுதியது இதற்குப் பயன்படும்.

ஆனால் அந்தத் தேவை உண்மையாக இருக்க வேண்டும். சொந்தத் தேவை என்று சொல்லிவிட்டு, 18,000-க்கு வாடகைக்கு விடப்படும் என்று இணையத்தில் விளம்பரம் போட்டால், எதிர்த்தரப்பு அந்தப் பக்கத்தை அச்செடுத்து வந்துவிடும்.

நாமக்கல்_மலர்
அக்ரிமென்ட்டை அந்த வெப்சைட்டில் பதியவே இல்லை என்றால்? எங்கள் பக்கம் யாருமே பதிவதில்லை. 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு சரி.

வக்கீல்குமாஸ்தா
வழி அடைபட்டுவிடாது அம்மா, குறுகிவிடும். பதிவாகாத அக்ரிமென்ட்டில் இருக்கும் ஷரத்துகளைக் காட்டி உரிமை கேட்பது கஷ்டம். இரட்டை வாடகை ஷரத்தெல்லாம் அங்கேயே தடுக்கும். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் முன்னால் சொன்ன 21(2)(அ)-வைத்தான் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கடிதத்தில் பதிவு எண் வரியை எடுத்துவிட்டு, இரட்டை வாடகைக்குப் பதில் "குடியிருந்த காலத்துக்கான இழப்பீடு" என்று மட்டும் எழுதுங்கள். மற்றதெல்லாம் அதேதான்.

மதுரை சார் விட்டதை முடித்துவிடுகிறேன். மனுவோடு போக வேண்டியவை: அக்ரிமென்ட், பதிவு எண் வந்த பக்கம், அம்மா பெயரில் வீட்டு வரி ரசீது, இரண்டு நோட்டீசும் தபால் ரசீதும் ஒப்புகை அட்டையும், வங்கிக் கணக்குப் பக்கத்தில் வாடகை வரவு. உத்தரவு கிடைத்தும் போகாவிட்டால் நிறைவேற்று மனுப் போட வேண்டும். நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து, தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்போடு, சுவாதீனம் எடுத்துத் தருவார். அந்த நாளிலும் பூட்டை உடைப்பது அமீனாவின் வேலை, உங்கள் வேலை இல்லை. இதெல்லாம் வாரக் கணக்கில் முடியும் காரியமில்லை. மேல்முறையீடு வந்தால் இன்னும் நீளும். ஆகஸ்ட் 31-ல் சாவி கைக்கு வருமென்றால் பாதி அட்வான்ஸ் முன்கூட்டியே போனாலும் பரவாயில்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் அதுதான்.

செல்வி_கணக்கர்
ஒப்படைக்கும் நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சண்டை வருவது பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

சாமான் எல்லாம் இறங்கிய பிறகு, காலி வீட்டில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மீட்டரைப் படம் எடுங்கள். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பதால், கடைசியாகக் கணக்கெடுத்த நாளுக்குப் பிறகு ஓடிய யூனிட்டுக்குப் பில் பின்னால்தான் வரும். அந்த யூனிட்டுக்கு உத்தேசத் தொகையை இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு கழியுங்கள். சுவரில் வெயிலுக்கு மங்கிய சுண்ணாம்பு, தேய்ந்த தாழ்ப்பாள் இதெல்லாம் புழக்கத்தில் வருவது, கழிக்கக் கூடாது. உடைந்த சிங்க், சுவரில் டிரில் போட்டுப் பெயர்ந்த டைல்ஸ் கழிக்கலாம், கடைக்காரர் பில்லோடு.

உதாரணமாக மின்கட்டணம் 1,840, சமையலறைக் குழாய் மாற்ற 900 என்று வைத்துக்கொள்வோம். 42,000-ல் 2,740 போக 39,260. ஏற்கெனவே 21,000 கொடுத்திருந்தால் மீதி 18,260. அதைச் சாவி வாங்கும்போதே வங்கியில் போடுங்கள். சட்டம் ஒரு மாதம் தருகிறது என்றாலும், கடிதத்தில் அன்றே தருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே தாளில் சாவி எத்தனை, மீட்டர் அளவு, கழித்தது, கொடுத்தது, "இனி ஒருவருக்கொருவர் பாக்கி இல்லை" என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை என்று சென்னையில் கண்ணை மூடிக்கொண்டு கழிக்கிறார்கள். அக்ரிமென்ட்டில் இல்லையென்றால் செய்யாதீர்கள்.

வாடகைவாசி_சென்னை
அக்ரிமென்ட்டில் இருந்தாலுமே 11 மாசத்துக்கு 14,000 பெயின்ட் என்பது அநியாயம் மேடம்.

செல்வி_கணக்கர்
எழுதிக் கையெழுத்துப் போட்டதை நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இவர்கள் அக்ரிமென்ட்டில் அந்த ஷரத்தே இல்லை போலத் தெரிகிறது.

மாடிவீடு_உறையூர்
இல்லை மேடம், பெயின்ட் ஷரத்து கிடையாது. கடிதத்தை அம்மா கையெழுத்தோடு நாளைக் காலை உறையூர் தபால் நிலையத்தில் இரண்டு உறையாக அனுப்பச் சொல்லிவிட்டேன், "மாடி" என்று தடித்த எழுத்தில் போட்டு. சம்மதம் வந்தால் ஆகஸ்ட் 16-ல் பாதி அட்வான்ஸ். ஒன்று மட்டும் கேட்கணும்: வராவிட்டால் செப்டம்பரிலா ஜனவரியிலா மனு?

சட்டப்படி_மதுரை
ஜனவரி. 5(3) என்ற கேள்வியே எழாது.

வக்கீல்குமாஸ்தா
நான் செப்டம்பரில் வக்கீல் நோட்டீஸ், பதிலைப் பார்த்து அக்டோபரில் மனு என்பேன். தங்கை குடும்பத்துக்கு வீடு எப்போது தேவை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி வரை பொறுத்தீர்கள் என்றால், "அவசரமே இல்லையே, பிறகென்ன சொந்தத் தேவை" என்று அங்கே கேட்பார்கள்.

சட்டப்படி_மதுரை
கேட்கட்டும் சார். காலத்துக்கு முந்திய மனு என்று தள்ளுபடியாகி மறுபடி முதலிலிருந்து தொடங்குவதைவிட அதற்குப் பதில் சொல்வது சுலபம்.